புள்ளியின் விலை

கடன் அட்டைக்கு வங்கி வழங்கும் வெகுமதிப் புள்ளி ஒன்றின் விலை என்னவென்று ஒருவர் விசாரித்தால், அவருக்கு ஒரு விடை கிடைப்பதில்லை. புள்ளியை எதற்காகச் செலவிடப் போகிறார் என்பதைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு விடைகள் கிடைக்கின்றன. நாணயம் என்று வழங்கும் எதற்கும் இல்லாத இந்த விசித்திர குணம் புள்ளிக்கு மட்டும் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது தற்செயலாக அமைந்ததன்று, புள்ளியைச் சம்பாதிப்பவர் தம் சம்பாத்தியத்தைத் துல்லியமாக அறியாதிருப்பதே அந்த ஏற்பாட்டின் ஜீவநாடி என்பது ஓரளவு புலனாகும். வருஷத்திற்கு இவ்வளவு என்று வங்கி வாங்கிக்கொள்ளும் கட்டணமோ ரூபாயில் இருக்கிறது. அதற்குப் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. வரியும் ரூபாயில்தான் சேர்கிறது. கொடுப்பது ரூபாய், பெறுவது புள்ளி என்னும் இந்த வியாபாரத்தில் லாபம் யார் பக்கம் என்று நிர்ணயிக்க வேண்டுமானால், இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஓர் அட்டையையே எடுத்துக்கொண்டு பரிசீலிப்பது நலம். எச்.டி.எஃப்.சி. வங்கியின் ரீகாலியா கோல்ட் என்னும் அட்டை நடுத்தர வர்க்கத்தின் மேல்படியில் இருப்பவர்களிடையே பெரிதும் வழங்குவது. அதன் விதிகளும் பிற வங்கிகளின் இதே தரத்து அட்டைகளின் விதிகளுக்கு நல்ல மாதிரியாக அமைந்தவை. அந்த அட்டை வெளிவந்த பின் சில வருஷங்களாக நடைமுறையில் இருந்துவந்த நிபந்தனைகளையே இங்கே கணக்கிற்கு அடிப்படையாகக் கொள்கிறேன். இத்தகைய நிபந்தனைகள் வங்கியின் ஓர் அறிவிப்பால் மாறிவிடக்கூடியவை. ஆகவே வாசகர் தம் கையில் இருக்கும் அட்டையின் எண்களை இவற்றின் இடத்தில் வைத்து அதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளலாம். அட்டையின் வருஷாந்தரக் கட்டணம் 2,500 ரூபாய். வரியோடு 2,950 ரூபாய். ஒவ்வொரு 150 ரூபாய்ச் செலவுக்கும் 4 புள்ளிகள். அந்தப் புள்ளியை அட்டையின் பாக்கியில் ரொக்கமாகக் கழித்துக்கொண்டால் அதன் மதிப்பு 20 பைசா. பொருள்களாகவும் கடைகளின் வவுச்சர்களாகவும் மாற்றிக்கொண்டால் 35 பைசா வரை. வங்கியின் சொந்த இணையதளத்தில் விமானச் சீட்டுக்கோ ஓட்டல் அறைக்கோ பயன்படுத்தினால் 50 பைசா. இந்த அட்டைக்காரர்களுக்கென்றே வகுத்த விசேஷப் பட்டியலில் உள்ள பொருள்களை வாங்கினால் 65 பைசா. முதல் வருஷத்தில் கட்டணம் செலுத்தியவருக்கு அதே 2,500 ரூபாய்க்கு ஒரு வரவேற்பு வவுச்சர் வந்துவிடுவதால் அந்த வருஷக் கணக்கு எவருக்கும் இனிமையாகவே இருக்கும். நாம் ஆராய வேண்டியது இரண்டாம் வருஷத்திலிருந்து தொடங்கும் கணக்கை.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மாதச் செலவு அறுபதாயிரம். பார்த்த மாத்திரத்தில், வருஷத்திற்கு ஏழு லட்சத்துக்கு மேல் அட்டையில் ஏறும், புள்ளிகள் கொட்டும் என்றே தோன்றும். ஆனால் வீட்டு வாடகைக்குப் புள்ளி இல்லை, பெட்ரோலுக்கு இல்லை, பணப்பைச் செயலிகளில் பணம் ஏற்றினால் இல்லை, தவணை முறையில் வாங்கிய பொருளுக்கு இல்லை, மளிகைக்கு மாதத்திற்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வேலைக்காரம்மாளின் சம்பளமும், பால்காரரின் கணக்கும், காய்கறிச் சந்தையும், ஆட்டோவும் அட்டையின் பக்கமே வருவதில்லை. இவையெல்லாம் போக, புள்ளிக்குத் தகுதியான செலவு மாதம் இருபத்தையாயிரம், வருஷத்திற்கு 3 லட்சம் என்று தேறினால், அதுவே அந்தக் குடும்பத்திற்குத் தாராளமான மதிப்பீடு. அட்டையை விற்க வருபவர் குடும்பத்தின் மொத்தச் செலவைக் கேட்டுப் பெருக்கிக் காட்டுவார். நாம் பெருக்க வேண்டியது தகுதிச் செலவை மட்டுமே.

மூன்று லட்சத்திற்கு 8,000 புள்ளிகள் சேரும். அவற்றை ரொக்கமாகக் கழித்தால் 1,600 ரூபாய். பொருளாக மாற்றினால் 2,800. விமானச் சீட்டானால் 4,000. விசேஷப் பட்டியலானால் 5,200. இவற்றிலிருந்து 2,950 ரூபாய்க் கட்டணத்தைக் கழித்துப் பார்க்க, ரொக்கமாக எடுத்தவர் 1,350 ரூபாய் நஷ்டத்திலும், பொருளாக எடுத்தவர் 150 ரூபாய் நஷ்டத்திலும் நிற்கிறார்கள். விமானத்தில் போனவருக்கு 1,050 ரூபாயும், விசேஷப் பட்டியலை நாடியவருக்கு 2,250 ரூபாயும் மிச்சம். இந்த இடத்தில் பெரும்பாலோர் கணக்கை நிறுத்திவிட்டு, விமானத்தில் போகிறவர்களுக்கு லாபம்தான் என்று திருப்தி அடைந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் கணக்கின் முக்கியமான பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

ஏனெனில், இந்த அட்டை இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் அதே 3 லட்சத்தைச் சும்மா செலவிட்டிருக்கும் என்று எண்ணுவது நியாயமன்று. கட்டணமே வாங்காத அட்டைகளும் சந்தையில் இருக்கின்றன. அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. அட்டை அத்தகையது; அதற்கு வருஷாந்தரக் கட்டணம் கிடையாது, பொதுவான செலவுகளுக்கு ஒரு சதவீதம் திரும்பி வருகிறது. அதற்கும் விலக்குகள் உண்டு; திரும்பும் தொகையும் கையில் வரும் ரொக்கமன்று, அந்த நிறுவனத்தின் பணப்பையில் சேரும் இருப்புத்தான் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், அது சரியே. ஆயினும் அங்கே ஒரு ரூபாய் என்பது ஒரு ரூபாய்ப் பொருளை வாங்குகிறது; சோப்பும் நோட்டுப் புத்தகமும் வாங்கும் குடும்பத்திற்கு அது ஏறக்குறைய ரொக்கமே. அந்த அட்டையில் 3 லட்சம் செலவிட்டால் 3,000 ரூபாய் சிரமமில்லாமல் வந்து சேர்ந்திருக்கும். இப்போது முன் சொன்ன நான்கு தொகைகளையும் இந்த மூவாயிரத்தோடு ஒப்பிட்டால், நான்குமே தோற்றுப்போகின்றன என்பது தெரியவரும். மிக உயர்ந்த மதிப்பைத் தரும் விசேஷப் பட்டியலின் 2,250 ரூபாய்கூட 750 ரூபாய் குறைவாகவே நிற்கிறது. கட்டணம் கொடுத்து வாங்கிய அட்டை, கட்டணமில்லாத அட்டையிடம் எல்லா வழிகளிலும் தோற்பது என்பது அதை வைத்திருப்பவர்களில் பலர் எண்ணிப் பார்த்திராத விஷயம். பூஜ்யத்தோடு ஒப்பிடும்போது ஜெயித்ததாகத் தோன்றியது, தக்க எதிராளியோடு ஒப்பிடும்போது தோற்கிறது.

இதற்கு வங்கியின் தரப்பில் ஒரு சமாதானம் உண்டு, அது வலுவில்லாததுமன்று. வருஷத்தில் 4 லட்சம் செலவிட்டால் மறு வருஷக் கட்டணத்தை வங்கி முழுவதும் தள்ளுபடி செய்துவிடுகிறது. 5 லட்சத்தை எட்டியவருக்கு 5,000 ரூபாய்க்கு ஒரு விமான வவுச்சரும் தருகிறது. ஆகவே இந்த அட்டையின் லாபம் செலவோடு சமமாக ஏறிக்கொண்டே போகும் சரிவுப் பாதையன்று. அங்கங்கே திடீரென்று உயரும் படிகளை உடையது. 4 லட்சத்தில், கட்டணம் இல்லாத நிலையில், 10,667 புள்ளிகள் விமானச் சீட்டாக 5,333 ரூபாய் ஆகின்றன. இலவச அட்டை தந்திருக்கக்கூடியது 4,000. இங்கே நமது அட்டை முதன்முதலாக முந்துகிறது. ஆனால் விமானத்தில் போகாமல் ரொக்கமாக எடுப்பவர் இந்தப் படியிலும் 2,133 ரூபாய்தான் பெறுகிறார். கட்டணமே இல்லாதபோதும் அவர் கிட்டத்தட்ட பாதியை இழந்து நிற்கிறார். 5 லட்சத்தில் விமானப் புள்ளிகள் 6,667 ரூபாய், வவுச்சர் 5,000 ரூபாய், ஆக 11,667. இலவச அட்டையின் 5,000 ரூபாய்க்கு எதிரே இது இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையாகவே வருஷத்திற்கு 5 லட்சம் தகுதிச் செலவு உடைய, வருஷத்தில் ஒன்றிரண்டு முறையாவது தம் பணத்தில் விமானத்தில் போகிற குடும்பத்திற்கு இந்த அட்டை சிறந்த அட்டை என்று தயக்கமின்றிச் சொல்லலாம். இத்தகைய அட்டைகளைப் புகழ்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவே.

படிகள் இருப்பதனால் விளையும் மனோநிலை தனியே கவனிக்கத்தக்கது. பதினோராம் மாதத்தின் இறுதியில் ஒருவருடைய கணக்கு 4 லட்சத்து 30 ஆயிரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 70 ஆயிரம் செலவிட்டால் 5,000 ரூபாய் வவுச்சர் கிடைக்கும். அந்த 70 ஆயிரத்துக்குரிய புள்ளிகளும் 933 ரூபாய் மதிப்பு பெறும். ஆக 5,933 ரூபாய். வழக்கமான மாதச் செலவு 39 ஆயிரம் போக, பாக்கி 31 ஆயிரத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அடுத்த மாதம் கட்ட வேண்டிய வாகன இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை இந்த மாதமே கட்டிவிட்டால் அது புத்திசாலித்தனம்; எப்படியும் போகவிருந்த பணம், தேதி மட்டும் மாறிப் போகிறது. ஓட்டலில் நண்பர்கள் ஐவர் சாப்பிட்ட பில்லைத் தாம் அட்டையில் கட்டிவிட்டு அவர்களிடம் யு.பி.ஐ. மூலம் வசூலித்துக்கொள்வதும் அத்தகையதே, நண்பர்கள் நாணயமானவர்களாக இருக்கும் பட்சத்தில். ஆனால் அந்த 31 ஆயிரத்தை ஈடுகட்ட, இன்னும் இரண்டு வருஷம் உழைக்கக்கூடிய பழைய போனை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கினால், 5,933 ரூபாய்ப் பரிசுக்காக 31 ஆயிரம் ரூபாயைக் கைவிட்டதாக ஆகும். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் தெளிவாகவே உள்ளது: அந்தக் கடைசி 70 ஆயிரத்தில் ஏறக்குறைய 6 ஆயிரத்துக்கு மேல் அவசியமில்லாத செலவு புகுந்துவிட்டால் பரிசு முழுவதும் கரைந்துவிடுகிறது. அட்டையின் செயலியோ, இலக்கை எட்ட இன்னும் இவ்வளவு பாக்கி என்று ஒரு கோட்டை வரைந்து, நிரம்பிய பாகத்தை வண்ணமிட்டுக் காட்டுகிறது. அது அவசியம், அநாவசியம் என்னும் பேதம் அறியாதது.

அட்டையைக் கையில் எடுத்தாலே மனிதர் கூடுதலாகச் செலவு செய்வார்கள் என்று சொல்பவர்களுக்கு ஆதாரமாக, 2001-ஆம் ஆண்டில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட பரிசோதனை ஒன்றை அடிக்கடி மேற்கோளாகக் காட்டுகிறார்கள். விளையாட்டுப் போட்டியின் நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டு, ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட அட்டையில் கட்டக்கூடியவர்கள் சில சமயம் இரண்டு மடங்குவரை கேட்டார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் கிடைப்பதற்கு அரிய விளையாட்டுச் சீட்டுக்கு மாணவர்கள் கேட்ட விலையைக் கொண்டு, துவரம்பருப்பு வாங்கும் குடும்பமும் அப்படியே நடந்துகொள்ளும் என்று முடிவுகட்டுவது அளவு மீறிய அனுமானம். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நமது குடும்பத்தின் செலவு அட்டையின் காரணமாக நூற்றுக்கு இரண்டு ரூபாய் மட்டுமே கூடியது என்று கொண்டாலும், 3 லட்சத்தில் அது 6,000 ரூபாய். விசேஷப் பட்டியலில் புள்ளிகள் தரக்கூடிய உச்ச மதிப்பான 5,200 ரூபாயையும் அது விழுங்கிவிடுகிறது. ஆகவே, புள்ளிகளின் மதிப்பைப் பைசா சுத்தமாகக் கணக்கிடுபவர்கூடத் தம் செலவு கூடியதா இல்லையா என்பதைச் சோதிக்க, அட்டை வாங்குவதற்கு முந்திய வருஷத்துச் செலவுக் குறிப்பு கையில் இல்லாமல் போனால், கணக்கின் பெரிய பாகத்தை இருட்டில் விட்டவராகவே ஆவார்.

விமானச் சீட்டில் புள்ளிக்கு 50 பைசா என்றோம். அந்த ஐம்பதும் முழு ஐம்பதுதானா என்பதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வங்கியின் தளத்தில் சென்னையிலிருந்து தில்லிக்கு ஒரு சீட்டு 6,000 ரூபாய் என்று காட்டுகிறது. முழுத் தொகையையும் புள்ளிகளால் கட்ட முடியாது. பாதியைத்தான் கட்டலாம், மறுபாதியை அட்டையில் கட்ட வேண்டும் என்பது விதி. 3,000 ரூபாய்க்கு 6,000 புள்ளிகள் கழிகின்றன. அதே விமானத்தின் அதே சீட்டை விமானக் கம்பெனியின் தளத்திலோ வேறொரு முகவர் தளத்திலோ, ஏதோ ஒரு தள்ளுபடியோடு 5,600 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகைக் காலத்தில் இத்தகைய வித்தியாசம் அசாதாரணமன்று. புள்ளிகளை மாற்றிக்கொடுப்பதற்கென்று வங்கி ஒரு சிறு கட்டணமும் வைத்திருக்கிறது, 99 ரூபாயும் வரியும், ஏறக்குறைய 117 ரூபாய். ஆகவே 6,000 புள்ளிகள் உண்மையில் மிச்சப்படுத்தியது 3,000 ரூபாயன்று. 400-ஐயும் 117-ஐயும் கழித்த 2,483 ரூபாய். புள்ளி ஒன்றுக்கு 41 பைசா. இந்த 41 பைசாவைக் கொண்டு திரும்பக் கணக்கிட்டால், செலவிட்ட நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 33 பைசா என்று நாம் எண்ணியிருந்த வருவாய் 1 ரூபாய் 10 பைசாவாக இறங்கிவிடுகிறது. இலவச அட்டையின் ஒரு ரூபாய்க்கும் இதற்கும் உள்ள தூரம் வெறும் பத்துப் பைசா. அந்தப் பத்துப் பைசாவைத் தேடித்தான் தளம் தளமாக விலை ஒப்பிட்டு, காலாவதித் தேதியை ஞாபகம் வைத்து, விதி மாற்றங்களைப் படித்துக்கொண்டு ஒருவர் வருஷம் முழுவதும் உழைத்திருக்கிறார். புள்ளியின் மெய்யான விலையை அறிய விரும்புகிறவர் வங்கியின் பட்டியலைப் பார்ப்பதைவிட, புள்ளி இல்லாதிருந்தால் அதே பொருளை மிகக் குறைந்த விலைக்கு எங்கே வாங்கியிருப்பேன் என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. விசேஷப் பட்டியலின் 65 பைசாவுக்கும் இதே சோதனை பொருந்தும். அங்கே உள்ள பொருள் வெளிக்கடையில் பத்து சதவீதம் மலிவாகக் கிடைக்குமானால் 65 பைசா 65 பைசாவாக நிற்பதில்லை.

150 ரூபாய்க்கு 4 புள்ளி என்னும் ஏற்பாட்டில் உள்ள சிறு துவாரத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். 140 ரூபாய் பில்லுக்குப் புள்ளியே இல்லை. 280 ரூபாய் பில்லுக்கும் 4 புள்ளிதான், அதாவது 50 பைசாக் கணக்கில் 2 ரூபாய், நூற்றுக்கு 71 பைசா. மருந்துக்கடை, பேக்கரி, ஸ்டேஷனரி என்று சிறு சிறு பில்களாக அட்டையைத் தேய்க்கும் குடும்பத்திற்கு அறிவிக்கப்பட்ட விகிதம் ஒருபோதும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

இதுவரை செய்த கணக்கு அனைத்தும், மாதா மாதம் பாக்கி முழுவதையும் குறித்த தேதிக்குள் கட்டிவிடுபவரைக் குறித்தது. அப்படிக் கட்டாதவருக்குப் புள்ளிக் கணக்கே அநாவசியம். நமது நாட்டுக் கடன் அட்டைகளில் வட்டி மாதத்திற்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி நிற்பது சாதாரணம். வட்டியின் மேலும் ஜி.எஸ்.டி. உண்டு. 40 ஆயிரம் ரூபாயை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் வட்டி 1,400 ரூபாயும் வரி 252 ரூபாயும் சேர்ந்து 1,652 ரூபாய். அதே 40 ஆயிரத்துக்குக் கிடைத்த புள்ளிகளின் விமான மதிப்பு 533 ரூபாய். ஒரு மாதத் தாமதம் மூன்று மாதப் புள்ளிகளைச் சாப்பிட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குவதால், சலுகை நாட்கள் என்னும் அட்டையின் மெய்யான நன்மையும் போய்விடுகிறது. அந்த நன்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்: ஏறக்குறைய ஐம்பது நாள்வரை வட்டியில்லாமல் வங்கியின் பணத்தை உபயோகிக்கும் சௌகரியம் பிரத்தியட்சமானது, ஆனால் அது கட்டணமில்லாத அட்டையிலும் அதே அளவில் கிடைப்பது. கட்டண அட்டையின் வரவுப் பத்தியில் அதை எழுதிக்கொள்ள நியாயமில்லை. விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக உட்காரும் உரிமையை எழுதிக்கொள்ளலாம்; ஆனால் அந்த லவுஞ்சுக்குக் கையிலிருந்து எவ்வளவு கொடுத்துப் போயிருப்போமோ அந்தத் தொகைக்கு மட்டுமே. இலவசம் இல்லாவிட்டால் வெளியே ஒரு காப்பி குடித்துவிட்டு விமானம் ஏறியிருப்பவருக்கு அதன் மதிப்பு காப்பியின் விலைதான்.

இந்தப் புள்ளிகளுக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விடுவது விமரிசகனுக்கு அழகன்று. கடைக்காரர் ஒவ்வொரு அட்டை விற்பனையிலும் ஒரு பங்கு கழிந்த பணத்தையே பெறுகிறார். கடன் அட்டைகளில் அது பெரும்பாலும் இரண்டு சதவீதத்தை ஒட்டியது. அதில் பெரும்பகுதி அட்டை தந்த வங்கிக்குப் போகிறது. அதிலிருந்தும், பாக்கியை இழுத்தடிப்பவர்களின் வட்டியிலிருந்தும் புள்ளிகள் பிறக்கின்றன. யு.பி.ஐ. மூலமோ ரூபே டெபிட் அட்டை மூலமோ கட்டினால் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆயினும் பொருளின் விலை எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே ரொக்கமாகவும் யு.பி.ஐ. மூலமும் கட்டுபவர்கள், தங்களுக்குக் கிடைக்காத புள்ளிகளின் செலவில் ஒரு பாகத்தைச் சுமக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் இதை மதிப்பிட்டபோது, ரொக்கமாகக் கட்டும் குடும்பம் சராசரியாக வருஷத்திற்கு 149 டாலரை இழக்கிறது, அட்டையில் கட்டும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது என்று கண்டார்கள். நமது நாட்டில் இதே கணக்கு இதே எண்களைத் தரும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இல்லாதவரிடமிருந்து இருப்பவருக்குப் பணம் நகரும் திசை வேறாக இருக்கக் காரணமில்லை. ஐரோப்பிய யூனியன் 2015-இல் சட்டம் இயற்றி, வாடிக்கையாளர்களின் கடன் அட்டை விற்பனையில் வங்கிகளுக்கிடையே கைமாறும் பங்கை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதென்று கட்டுப்படுத்தியது. அவ்வளவு சிறிய ஊற்றிலிருந்து நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று பரிசு வழங்க எந்த வங்கியாலும் இயலாது. இங்கேயோ சிறு கடைக்காரர்கள் பலர், ஒப்பந்தப்படி கூடாதென்று தெரிந்தும், அட்டை என்றால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் கடையில் 1 ரூபாய் 33 பைசாப் புள்ளிக்காக 2 ரூபாய் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது, அங்கே யு.பி.ஐ. மூலம் கட்டிவிட்டு வருவதே உத்தமம்.

புள்ளியின் விலையில் இன்னொரு குறை காலத்தைப் பற்றியது. வங்கியில் போட்ட பணத்தைப் போலப் புள்ளி நம் சொத்தன்று. இந்த அட்டையில் அதற்கு இரண்டு வருஷ ஆயுள். அந்த ஆயுளுக்குள்ளும் அதன் மதிப்பைத் தீர்மானிப்பது வங்கியே. ஆக்ஸிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டை ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சம் செலவிட்டவருக்கு 25,000 புள்ளிகளைத் தந்துவந்தது. அதன் பொருட்டே பலர் அதை நாடினார்கள். 2023 செப்டம்பர் முதல் அந்தப் பரிசு நிறுத்தப்பட்டது. விமானக் கம்பெனிகளின் மைல்களாக மாற்றும் விகிதம் ஐந்துக்கு நான்கு என்பதிலிருந்து ஐந்துக்கு இரண்டு என்று பாதியாயிற்று. வருஷக் கட்டணமோ 10,000-இலிருந்து 12,500 ஆக ஏறியது. வங்கியைக் குறை சொல்லியும் பயனில்லை. அளவுக்கு மீறிக் கொடுத்த பரிசு நிலைக்காது என்பது அதை வாங்கிக்கொண்டவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் சேமித்து வைத்த புள்ளிகளோடு அந்த நாளைச் சந்தித்தவர் ஒரே இரவில் தம் மைல்களில் பாதியை இழந்தார். ஆகவே புள்ளியை நீண்ட காலம் சேர்த்து வைப்பவர், வட்டியே இல்லாத, மதிப்பு குறையக்கூடிய, இறங்குமே தவிர ஏறுவது அரிதான ஒரு நாணயத்தில் சேமிக்கிறார் என்பதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, கட்டண அட்டையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தருணம் பதினோராம் மாதம். புதுப்பிப்புக் கட்டணம் பாக்கிப் பட்டியலில் ஏறிய பிறகு அன்று. அந்த மாதத்தில், கழிந்த வருஷத்தின் தகுதிச் செலவு 4 லட்சத்தைத் தானாகத் தாண்டுகிறதா, புள்ளிகளைச் செலவிட்ட வகையில் ஒன்றுக்கு மெய்யாக எத்தனை பைசா கிடைத்தது என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்தால், அட்டையைக் கட்டணமில்லாத ஒன்றாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். அது மறுத்தால் அட்டையை மூடிவிடலாம். மூடச் சொல்லுவதற்கு முன் எஞ்சிய புள்ளிகளை, 20 பைசாவுக்கானாலும் சரி, பாக்கியில் கழித்துக்கொள்ள வேண்டும். மூடிய அட்டையின் புள்ளிகளுக்கு 20 பைசாவும் இல்லை. பாக்கி ஏதும் இல்லாத அட்டையை மூடும்படி எழுதிக் கேட்டால், ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ஆம் ஆண்டின் கட்டளையில் விதித்திருக்கிறது.